கடைக்கு வாங்கிய ஃப்ரீசர் பழுதானால்: தயாரிப்பு நிறுவனத்துக்கு வாரண்டி மின்னஞ்சல் எழுதும் முறை

திண்டுக்கல்லில் உறைமீன் விற்கும் ஒரு சிறு கடைக்காக 2025 மார்ச் மாதம் 500 லிட்டர் டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்கப்பட்டது. விலை 42,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 7,560 ரூபாய், ஆக மொத்தம் 49,560 ரூபாய். ஜூனில் குளிர்ச்சி குறைந்தது. சர்வீஸ் ஆள் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். ஆகஸ்டில் மறுபடியும் அதே கதை, மறுபடியும் கேஸ். செப்டம்பரில் மூன்றாவது முறையும் குளிர்ச்சி போனது. அந்தக் கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுபவன் என்ற முறையில், தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. இதே போன்ற மின்னஞ்சலை எழுத வேண்டியவர்களுக்கு அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து விவரிக்கிறேன். பொருள் ஃப்ரீசராக இல்லாமல் தையல் இயந்திரமாகவோ பில் பிரிண்டராகவோ இருந்தாலும் செய்ய வேண்டிய வரிசை இதுதான்.

யாரிடம் எதைக் கேட்பது

எழுத உட்காரும் முன் இதில் தெளிவு வேண்டும். நீங்கள் பணம் கொடுத்தது டீலரிடம். பில் போட்டதும் அவர்தான். விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் டீலருக்கும் இடையில் இருக்கிறது. வாரண்டி அட்டையில் வாக்குக் கொடுத்திருப்பது தயாரிப்பு நிறுவனம். ஆகவே பழுது நீக்குவதும் பாகம் மாற்றுவதும் இயந்திரத்தையே மாற்றித் தருவதும் நிறுவனத்தின் பொறுப்பு. பணத்தைத் திருப்பித் தருவதென்றால், பில் போட்ட டீலர் வழியாகத்தான் அது நடக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதினால் நிறுவனம் "டீலரைக் கேளுங்கள்" என்று சொல்லும், டீலர் "கம்பெனியைக் கேளுங்கள்" என்று சொல்வார். இருவருக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும். எனவே மின்னஞ்சல் நிறுவனத்துக்கு, நகல் டீலருக்கு என்று ஒரே நேரத்தில் போக வேண்டும். யாரிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது அதே மின்னஞ்சலில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

வாரண்டி அட்டையை முழுவதும் படித்துவிடுங்கள். பல நிறுவனங்கள் இயந்திரம் முழுவதற்கும் ஓராண்டும், கம்ப்ரசருக்கு மட்டும் அதன் பிறகு சில ஆண்டுகளும் வாரண்டி தருகின்றன. முதல் ஆண்டு முடிந்த பிறகு கசிவு வந்தால் கேஸுக்கும் காயிலுக்கும் பணம் கேட்பார்கள். வீட்டு உபயோகத்துக்கென்று விற்ற பொருளைக் கடையில் வைத்தால் வாரண்டி செல்லாது என்ற வரியும் பல அட்டைகளில் இருக்கும். கடைக்குப் பொருள் வாங்குகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான். நம் கடைக்காரர் வாங்கியது வணிக உபயோகத்துக்கான மாடல் என்பதால் அந்தச் சிக்கல் வரவில்லை.

பழுது இயந்திரத்தினுடையது என்று காட்டுவது

நிறுவனத்தில் உங்கள் மின்னஞ்சலைப் படிப்பவர் முதலில் தேடுவது மறுப்பதற்கான காரணத்தை. ஃப்ரீசர் என்றால் அந்தக் காரணங்கள் ஏறக்குறைய முன்பே தெரிந்தவை: மின்னழுத்தம் ஏறி இறங்கியது, ஸ்டெபிலைசர் இல்லை, சுவரை ஒட்டி வைத்துவிட்டார்கள், அளவுக்கு மீறிச் சரக்கு நிரப்பினார்கள், வெளி மெக்கானிக் கை வைத்தார். இவை ஒவ்வொன்றுக்கும் பதில் உங்கள் இணைப்புகளிலேயே இருந்துவிட்டால் மறுப்பது அவருக்குக் கடினம்.

ஃப்ரீசரில் கேஸ் என்பது வண்டியின் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்வதில்லை. அடைத்து மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. கசிவு இல்லாவிட்டால் பல ஆண்டுகளுக்கு மறுபடி நிரப்பவே தேவை வராது. ஆறே மாதங்களில் இரண்டு முறை கேஸ் நிரப்பினார்கள் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை யாரும் அடைக்கவில்லை என்று பொருள். மேலே திறக்கும் பெட்டி வகை ஃப்ரீசர்கள் பலவற்றில் குளிர்விக்கும் காயில் உட்சுவருக்குப் பின்னால், நுரைப் பஞ்சுக்குள் புதைந்திருக்கும். கசிவு அங்கே என்றால் சுவரைக் கிழிக்காமல் அதைத் தொட முடியாது. அதனால்தான் சர்வீஸ் ஆள் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார். மின்னழுத்தம் சரியில்லை என்றால் கம்ப்ரசரோ ரிலேயோ கெடும், காயிலில் ஓட்டை விழாது. கம்ப்ரசர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தத்தைக் காரணம் காட்டினால், இந்த ஒரு வாதமே அதற்குப் பதில்.

கேஸ் குறைந்திருப்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். உட்சுவர் முழுவதும் சீராகப் பனி படியாமல் ஒரு பகுதியில் மட்டும் படிந்திருக்கும், மற்ற இடம் ஈரமாக இருக்கும். கம்ப்ரசர் இடையில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் பதிவு செய்ய ஓர் இரவு போதும். சரக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிருக்கு வைத்து, மூடியைச் சாத்திவிடுங்கள். உள்ளே ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் முனை இருக்கட்டும். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் வெப்பமானியைப் படம் எடுங்கள். நல்ல ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போக வேண்டும். நம் ஃப்ரீசர் எட்டு மணி நேரம் ஓடியும் மைனஸ் 6 டிகிரியைத் தாண்டவில்லை. அதோடு ஸ்டெபிலைசரில் வோல்ட் எண் தெரியும் படம் ஒன்று, சுவருக்கும் ஃப்ரீசருக்கும் இடையிலுள்ள இடைவெளி தெரியும் படம் ஒன்று, பனி ஒரு பக்கம் மட்டும் படிந்திருக்கும் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு போதும். முப்பது படங்களை அனுப்பினால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சர்வீஸ் ஆள் தரும் ஜாப் ஷீட் இவை எல்லாவற்றையும் விட வலிமையானது, ஏனெனில் அது நிறுவனத்தின் சொந்தப் பதிவு. "கேஸ் நிரப்பப்பட்டது" என்பதோடு எத்தனை கிராம் என்றும், கசிவு எங்கே என்றும் எழுதச் சொல்லுங்கள். "காயில் லீக் சார், கம்பெனியில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் "சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதிப் போகிறவர்கள் உண்டு. அப்படி நடந்தால் அன்றே நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: இன்ன தேதியில் உங்கள் ஆள் வந்தார், இதைச் செய்தார், இதைச் சொன்னார். நிகழ்ந்த அன்றே எழுதிய அந்த வரிகளுக்குப் பிறகு நல்ல மதிப்பு இருக்கும்.

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு வெளி மெக்கானிக்கை அழைக்காதீர்கள். சரக்கு கெடுகிறது என்றால் ஐஸ் வாங்கி வையுங்கள், பக்கத்துக் கடையில் இடம் கேளுங்கள். முத்திரையிட்ட குழாயை வெளியாள் தொட்டுவிட்டால், அதற்கு முன் வந்த கசிவுக்கும் அவரையே காரணமாக்கிவிடுவார்கள்.

வாங்கியதற்கான சான்று

வரி இன்வாய்ஸ், பணம் செலுத்தியதைக் காட்டும் வங்கிக் கணக்குப் பக்கம், டீலர் முத்திரையிட்ட வாரண்டி அட்டை, ஃப்ரீசரின் பின்புறம் ஒட்டியுள்ள விவரத் தகட்டின் படம் என நான்கும் வேண்டும். இந்த நான்கிலும் மாடலும் வரிசை எண்ணும் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சில டீலர்கள் இன்வாய்ஸில் மாடலை மட்டும் போட்டுவிட்டு வரிசை எண்ணை விட்டுவிடுவார்கள். அப்படியிருந்தால் டெலிவரி சலானைத் தேடுங்கள். அதிலும் இல்லை என்றால் டீலரிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்ட பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள். வரிசை எண் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கை ஓரங்கட்டப்படக் கூடாது.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கைப்பேசி வைக்கும் எண்களை அப்படியே விட்டால் படிப்பவருக்கு எது எது என்று தெரியாது. நான் அனுப்பியது இப்படி:

```
01_Invoice.pdf
02_Payment.pdf
03_Warranty_Card.pdf
04_Rating_Plate.jpg
05_Job_Sheets.pdf
06_Photos.pdf
```

படங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கி, ஒவ்வொன்றின் கீழும் தேதியும் நேரமும் எழுதுங்கள். மூலப் படங்களைக் கைப்பேசியிலிருந்து அழிக்காதீர்கள். வழக்கு என்று போனால் மூலப் பதிவுதான் கேட்கப்படும்.

என்ன வேண்டும் என்று சொல்வது

"பழுது பார்த்துத் தாருங்கள், இல்லாவிட்டால் மாற்றித் தாருங்கள், அதுவும் இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதினால், நிறுவனம் மூன்றில் தனக்கு மலிவானதைத் தேர்ந்தெடுக்கும். அது இன்னொரு முறை கேஸ் நிரப்புவதுதான். ஆகவே முதன்மைக் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இங்கே அது புதிய ஃப்ரீசர். குறித்த தேதிக்குள் அது வராவிட்டால் மட்டும் முழுப் பணம். முதல் முறை பழுது வந்த உடனே புதிய இயந்திரம் கேட்பது பெரும்பாலும் பலிக்காது. அட்டையில் பழுது நீக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கும். ஒரே பழுது இரண்டு முறை சரிசெய்த பிறகும் திரும்ப வந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கோரிக்கையின் பலம்.

பணத்தைத் திரும்பக் கேட்கும்போது ஜிஎஸ்டி கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டீலர் 49,560 ரூபாயைத் திருப்பித் தந்து கிரெடிட் நோட் போடுவார். நீங்கள் 7,560 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் அந்த வரியை எடுத்திருக்கவே முடியாது. அவருக்குத் திரும்பக் கட்ட எதுவும் இல்லை.

கிரெடிட் நோட் போட்டுத் தன் வரியைக் குறைத்துக்கொள்ள டீலருக்குக் காலக்கெடு உண்டு. விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 தான் கடைசி நாள். அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த நாள். நம் ஃப்ரீசர் 2025 மார்ச் 12 அன்று வாங்கியது. அந்த நிதியாண்டு மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டதால் கெடு 2025 நவம்பர் 30. இரண்டு மூன்று வாரம் கழித்து ஏப்ரலில் வாங்கியிருந்தால் இன்னும் ஓராண்டு கிடைத்திருக்கும். கெடு தாண்டினால் 7,560 ரூபாய் டீலரின் கையிலிருந்து போகும், அவர் தரத் தயங்குவார். செப்டம்பர் 25 அன்று எழுதி அக்டோபர் 10 என்று நாள் குறித்ததற்கு இதுதான் காரணம். மார்ச்சில் வாங்கிய எதற்கும் இந்தக் கெடுவை மறக்காதீர்கள்.

கெட்டுப்போன மீனுக்கான இழப்பையும் கேட்கலாமா என்று கடைக்காரர் கேட்டார். பெரும்பாலான வாரண்டி அட்டைகள் உள்ளே வைத்த சரக்கின் இழப்புக்குப் பொறுப்பேற்பதில்லை. அதை முதல் மின்னஞ்சலில் பெரிதாக்கினால் பேச்சு முழுவதும் அந்த இழப்பைச் சுற்றியே போய், ஃப்ரீசர் பின்னுக்குப் போய்விடும். உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரே வரி போதும். இழப்புக் கணக்கையும் மீன் வாங்கிய பில்களையும் தனியே எடுத்து வையுங்கள்.

மின்னஞ்சல்

பொருள் வரியிலேயே பழுது, வாரண்டி, வரிசை எண், புகார் எண், கோரிக்கை ஆகிய ஐந்தும் வந்துவிட வேண்டும். தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

> பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
> நகல்: மண்டல சர்வீஸ் மேலாளர், டீலர்
> பொருள்: வாரண்டிக்குள் மூன்றாம் முறை கேஸ் கசிவு – 500 லிட்டர் டீப் ஃப்ரீசர், வரிசை எண் ........, புகார் எண் ........ – புதிய இயந்திரம் கோருதல்
>
> ஐயா / அம்மா,
>
> தங்கள் நிறுவனத்தின் 500 லிட்டர் டீப் ஃப்ரீசரை (மாடல் ........, வரிசை எண் ........) 12.03.2025 அன்று தங்கள் டீலரிடம் இன்வாய்ஸ் எண் ........ மூலம் 49,560 ரூபாய்க்கு வாங்கினேன். வாரண்டி 11.03.2026 வரை உள்ளது.
>
> 20.06.2025 மற்றும் 04.08.2025 ஆகிய நாட்களில் குளிர்ச்சி இல்லை என்று புகார் செய்தேன். இரண்டு முறையும் தங்கள் சர்வீஸ் பணியாளர் கேஸ் நிரப்பினார். கசிவு சரிசெய்யப்படவில்லை. 22.09.2025 முதல் மீண்டும் அதே பழுது. காலியான நிலையில், மூடிய ஃப்ரீசர் எட்டு மணி நேரம் ஓடிய பிறகும் உள்வெப்பம் மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போகவில்லை.
>
> ஃப்ரீசர் முதல் நாளிலிருந்து ஸ்டெபிலைசர் வழியாக இயங்குகிறது. சுற்றிலும் தங்கள் கையேட்டில் சொன்ன இடைவெளி உள்ளது. தங்கள் பணியாளர் தவிர வேறு யாரும் இதைத் திறக்கவில்லை. கம்ப்ரசர் இயங்குகிறது. மூடிய குழாயில் கேஸ் மீண்டும் மீண்டும் குறைவது தயாரிப்புக் குறையால் என்றே கருதுகிறேன்.
>
> எனவே, அதே மாடலில் புதிய ஃப்ரீசரை, புதிய வரிசை எண்ணோடும் வாரண்டியோடும் 10.10.2025-க்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மீண்டும் கேஸ் நிரப்புவதைத் தீர்வாக ஏற்க இயலாது. அந்தத் தேதிக்குள் மாற்றித் தர இயலாவிட்டால், டீலர் பொருளைத் திரும்பப் பெற்று, கிரெடிட் நோட் வழங்கி, 49,560 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வு செய்ய விரும்பினால் எந்த நாளிலும் காலை 7 மணி முதல் 11 மணிக்குள் வரலாம்.
>
> இந்தக் கடை என் பிழைப்புக்காக நானே நடத்துவது. சரக்கு இழப்பு தொடர்பான என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.
>
> இணைப்புகள்: இன்வாய்ஸ், பணம் செலுத்திய சான்று, வாரண்டி அட்டை, விவரத் தகடு, இரண்டு ஜாப் ஷீட்டுகள், படங்கள்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், கைப்பேசி எண்)

இதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. அப்படி எழுதச் சொன்னது மரியாதைக்காக மட்டும் இல்லை. இந்த மின்னஞ்சல் மேலதிகாரிக்கும், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கும் அப்படியே போக வேண்டியது. ஆய்வுக்கு அழைக்கும் வரியையும் விட்டுவிடாதீர்கள். "பார்க்கவே விடவில்லை" என்று பிறகு சொல்ல அது இடம் தராது.

"என் பிழைப்புக்காக நானே நடத்துவது" என்ற வரிக்குச் சட்டத்தில் பெரிய வேலை இருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் அது வணிக நோக்கமாகக் கருதப்படாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் தகுதியை இழப்பதில்லை என்று, பழைய சட்டத்தின் கீழ் 1995 இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய தொழிற்கூடத்தை நுகர்வோர் என்று அது ஏற்கவில்லை. உங்கள் நிலைமை உண்மையில் அப்படி இருந்தால் மட்டும் இந்த வரியை எழுதுங்கள். பல கிளைகள் உள்ள நிறுவனம் என்றால் 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவை, அதாவது சொன்ன பயன்பாட்டுக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, டீலருக்கு எதிராக எடுத்துக்காட்ட வேண்டும். வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்.

அனுப்பிய பிறகு

தானாக வரும் ஒப்புகையில் புகார் எண் இருக்கும். அடுத்து எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகப் போகட்டும், புதிதாகத் தொடங்காதீர்கள். சேவைப் பிரிவிலிருந்து தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த உடனே "இன்று தாங்கள் சொன்னபடி" என்று தொடங்கி அதை எழுதி அனுப்பிவிடுங்கள். மறுப்பு வந்தால், வாரண்டி அட்டையின் எந்த நிபந்தனையின்படி, எந்த ஆய்வின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வே நடக்காமல் மின்னழுத்தத்தைக் காரணம் சொல்லியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் வருவது அரிது.

குறித்த நாள் கடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் பதிவு செய்யலாம். அது நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பேசித் தீர்க்க முயலும், உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. உத்தரவு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழுது எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. மனுவில் டீலரையும் நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள்.

மாற்று ஃப்ரீசர் வந்தால் இறக்கும்போதே தகட்டைப் பாருங்கள். பழுது நீக்கிய பழைய இயந்திரத்தைப் புதிதென்று இறக்குவதும் நடக்கிறது. கீலில் கீறல், உள்ளே மீன் வாடை, தகட்டில் உங்கள் இயந்திரத்தைவிடப் பழைய தயாரிப்புத் தேதி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாம் சரி என்றால் புதிய வரிசை எண்ணை டெலிவரி சலானில் எழுதி வாங்குங்கள். பழையதை எடுத்துப் போனதற்கும் ரசீது வாங்குங்கள். வாரண்டி இன்று முதல் புதிதாகத் தொடங்குகிறதா, பழையதின் மீதிக் காலம்தானா என்று அதே மின்னஞ்சல் தொடரில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் வேறு விதமாக இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் மீதிக் காலத்தை மட்டுமே தருகின்றன. கோரிக்கையிலேயே புதிய வாரண்டி கேட்டிருப்பதால், அதைக் குறைக்க விரும்பினால் அவர்கள் காரணம் எழுத வேண்டியிருக்கும்.